இரண்டு நாட்டு மாணவர்கள், ஒரே ரயில்: சலுகைக் கடிதத்தை யார் எழுதுவது?

கேள்வி: "ஐயா, நான் மொரீஷியஸில் ரோஸ்ஹில் அருகே தமிழ் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். டிசம்பர் விடுமுறையில் எங்கள் மாணவர்கள் 18 பேரைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறோம். அந்தப் பள்ளி மாணவர்கள் 30 பேரும் நாங்களும் சேர்ந்து டிசம்பர் 26 இரவு ரயிலில் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா போக எண்ணியுள்ளோம். 48 பேருக்கும் குழுக் கட்டணச் சலுகை கேட்டு ரயில்வே மேலாளருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? மாதிரி ஒன்று தர முடியுமா?"

பதில்:

மாதிரிக் கடிதம் கீழே இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் எழுதி அனுப்பினால் பயன் இராது. அந்தக் கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுத வேண்டும். அதிலும் சலுகை என்ற சொல் 30 மாணவர்களைப் பற்றி மட்டுமே வர வேண்டும். உங்கள் 18 பேருக்கு அதே கடிதத்தில் வேறொரு கோரிக்கை வைக்கலாம். நான் தெற்கு ரயில்வேயின் வணிகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மொரீஷியஸில் கத்ருபோர்னில் மகள் வீட்டில் இருப்பவன். இத்தகைய கடிதங்களை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படித்தவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

நம் தீவில் 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். அதற்குப் பழகியவர்களுக்கு, மாணவர் என்றாலே சலுகை உண்டு, மேலாளர் மனம் வைத்தால் போதும் என்று தோன்றுவது இயல்பு. இந்திய ரயில்வேயில் நிலைமை வேறு. யாருக்கு, எந்த வகுப்பில், எத்தனை விழுக்காடு என்பதை ரயில்வே வாரியம் பட்டியல் போட்டு வகுத்திருக்கிறது. கோட்ட அளவில் இருக்கும் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கொடுக்க முடியாது. பட்டியலில் இருப்பவருக்கு மறுக்கவும் முடியாது. ஆகவே இந்தக் கடிதத்தின் வேலை வேண்டிக்கொள்வது அன்று. எங்கள் மாணவர்கள் இந்தப் பிரிவில் வருகிறார்கள், அதற்கான சான்றுகள் இவை என்று காட்டுவதே அதன் வேலை. "தாங்கள் பெரிய மனது வைத்து இயன்ற சலுகையை வழங்குமாறு" என்று முடியும் கடிதங்கள் ஏராளமாக வரும். எந்தப் பிரிவில் கேட்கிறார்கள் என்று எழுத்தருக்கே தெரியாததால் அவை விளக்கம் கேட்டுத் திரும்பிப் போகும். அதற்குள் பத்து நாள் கழிந்திருக்கும்.

முதலில் அந்த 30 பேரின் உரிமையைப் பார்ப்போம். 2020 மார்ச் 20 முதல் ரயில்வே பெரும்பாலான கட்டணச் சலுகைகளை நிறுத்திவிட்டது. மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்கானவை மட்டுமே தொடர்ந்தன. கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பர் வகுப்பிலும் 50 விழுக்காடு சலுகை உண்டு; பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அதே வகுப்புகளில் 75 விழுக்காடு. குளிர்சாதனப் பெட்டிகளுக்கு இது பொருந்தாது. இவை தவிர, கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்காக 75 விழுக்காடு என்று தனியாக ஒரு பிரிவும் உண்டு. உங்கள் நண்பர் பள்ளி இந்தப் பிரிவில் வரும் என்பதால், அவர்கள் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். அந்தத் தனிப் பிரிவு இரண்டாம் வகுப்புக்கு மட்டுமே உரியது, ஸ்லீப்பருக்கு இல்லை. தஞ்சாவூரிலிருந்து சென்னை எழும்பூர் இரவு முழுவதும் போகும் பயணம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை, அதுவும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசலில், படுக்கையில்லாத பெட்டியில் ஏற்றிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகல் பயணமாக இருந்தால் 75ஐக் கேட்கலாம். இரவுப் பயணத்துக்கு ஸ்லீப்பரில் பொதுக் கல்விச் சுற்றுலாப் பிரிவில் கேட்பதே சரி. ஒருவருக்கு ஒரு பயணத்தில் ஒரு சலுகைதான் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கேட்க வழியில்லை.

சலுகை என்பது டிக்கெட்டின் முழுத் தொகைக்கும் அன்று, அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே. ஸ்லீப்பரில் முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாயை ஒவ்வொருவரும் முழுமையாகச் செலுத்த வேண்டும். அதிவிரைவு ரயிலாக இருந்தால் அதற்கான கூடுதல் கட்டணமும் குறையாது. கணக்குக்காக அடிப்படைக் கட்டணம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சலுகை இல்லாமல் 30 பேருக்கு 6,600 ரூபாய் ஆகும். அவர்களில் எட்டுப் பேர் பட்டியலின மாணவர்கள் என்றால், 22 பேருக்குத் தலா 100, எட்டுப் பேருக்குத் தலா 50 என்று 2,600 ரூபாயும், முன்பதிவுக்கு 600 ரூபாயும் சேர்ந்து 3,200 ரூபாய் ஆகும். பெற்றோரிடம் பணம் வசூலிக்கும்போது "பாதிக் கட்டணம்" என்று சொல்லி மொத்தத் தொகையில் பாதியை வாங்கிவிட்டு, கவுன்டரில் கைப்பணம் போட்ட ஆசிரியர்கள் பலர். உடன் வரும் ஆசிரியர்களுக்கு முழுக் கட்டணம்தான். பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்விச் சுற்றுலாவில் முன்பு இருந்த 25 விழுக்காடு 2020இல் நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்று. பழைய மாதிரிக் கடிதங்களில் "மாணவர்களுக்கும் உடன் வரும் ஆசிரியர்களுக்கும் சலுகை" என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதிவிட வேண்டாம்.

இனி உங்கள் 18 பேர். சலுகைப் பட்டியலில் வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி ஒரு வரி உண்டு, ஆனால் அது இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களைப் பற்றியது. ரோஸ்ஹில்லில் படித்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவர்கள் அதில் அடங்க மாட்டார்கள். நண்பர் பள்ளியின் விருந்தினர் என்பதாலும், தமிழ் படிக்கிறார்கள் என்பதாலும் அது மாறாது. இதை மறைத்து 48 பெயரையும் ஒரே பட்டியலில் எழுதித் தலைமையாசிரியர் முத்திரையிட்டால், அவர் தம் பள்ளியில் படிக்காத 18 பேரைத் தம் மாணவர் என்று சான்றளித்தவர் ஆகிறார். ரயிலில் பரிசோதகர் அடையாள அட்டை கேட்கும்போது மொரீஷியஸ் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினால், உங்கள் மாணவருக்கு அபராதத்தோடு போய்விடும். அவருக்கோ அரசு ஊழியர் என்ற முறையில் விளைவு பெரிதாக இருக்கும்.

அப்படியானால் அந்த 18 பேருக்காக மேலாளரிடம் கேட்க ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கவுன்டரில் ஒரு முன்பதிவுப் படிவத்தில் ஆறு பேருக்குத்தான் இடம் பதிய முடியும். அதற்கு மேற்பட்ட குழுவாகச் செல்வோர் அதிகாரியின் அனுமதி பெற்றுக் குழு முன்பதிவு செய்ய வேண்டும். அதை அனுமதிப்பது அவர் கையில் இருக்கிறது. இரண்டு குழுவுக்கும் இயன்றவரை ஒரே பெட்டியில் இடம் கிடைக்க உதவுமாறு கேட்பதும் நியாயமானதே. முழுக் கட்டணம் செலுத்துவோம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு எதிர்ப்பு இராது. உங்கள் பையில் உண்மையில் மிச்சமாவதும் அதிகமில்லை: தலைக்கு 100 ரூபாய் என்றால் 18 பேருக்கு 1,800 இந்திய ரூபாய். அதற்காக 30 பேரின் சலுகையைச் சிக்கலுக்கு உள்ளாக்க வேண்டியதில்லை.

கடிதத்தை யார் பெயருக்கு முகவரியிடுவது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. "ரயில்வே மேலாளர்" என்று பொதுவாக எழுதினால் அது கோட்ட ரயில்வே மேலாளரின் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து வணிகப் பிரிவுக்கு இறங்கி வரும். தஞ்சாவூர் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தில் இருக்கிறது. ஆகவே நேராகத் திருச்சிராப்பள்ளியின் முதுநிலைக் கோட்ட வணிக மேலாளருக்கு எழுதி, தஞ்சாவூர் நிலைய மேலாளர் வழியாகக் கொடுப்பது நல்லது. நிலைய மேலாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுமாறு தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். கடிதம் தமிழில் இருக்கலாம். கோப்பு நகர்வது ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கில நகல் ஒன்றை உடன் இணைத்தால் ஒரு மேசை குறையும்.

மாதிரி இதோ:

அனுப்புநர்
தலைமையாசிரியர்,
(பள்ளியின் பெயர், ஊர்),
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
முதுநிலைக் கோட்ட வணிக மேலாளர்,
தெற்கு ரயில்வே,
திருச்சிராப்பள்ளிக் கோட்டம்,
திருச்சிராப்பள்ளி.

வழி: நிலைய மேலாளர், தஞ்சாவூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: கல்விச் சுற்றுலா – மாணவர் 30 பேருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் மாணவர் கட்டணச் சலுகையும், உடன் பயணிப்போருடன் குழு முன்பதிவு அனுமதியும் வேண்டுதல் – தொடர்பாக.

எங்கள் பள்ளி தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இயங்கும் அரசுப் பள்ளியாகும். எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயிலும் மாணவ மாணவியர் 30 பேர், சென்னை அரசு அருங்காட்சியகத்தையும் மாமல்லபுரத்தையும் காண்பதற்காகக் கல்விச் சுற்றுலா செல்ல உள்ளனர். இதற்குக் கல்வித் துறையின் அனுமதி பெறப்பட்டுள்ளது. அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

பயண விவரம்: டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரிலிருந்து சென்னை எழும்பூருக்கு 16866 உழவன் விரைவு ரயிலிலும், டிசம்பர் 28 அன்று சென்னை எழும்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு 16865 உழவன் விரைவு ரயிலிலும், ஸ்லீப்பர் வகுப்பில்.

மேற்படி மாணவர் 30 பேருக்கும், கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கான விதியின்படி இருவழிப் பயணத்துக்கும் கட்டணச் சலுகை வழங்கக் கோருகிறேன். இவர்களில் எட்டுப் பேர் பட்டியலினத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு உரிய விழுக்காட்டில் சலுகை வழங்கவும், இதற்கான சலுகைச் சான்றுப் படிவங்களை எங்கள் பள்ளிக்கு அளிக்கவும் வேண்டுகிறேன். மாணவர்களின் பெயர், வயது, பாலினம், வகுப்பு ஆகியவை அடங்கிய பட்டியலும் சாதிச் சான்றிதழ் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன. உடன் வரும் எங்கள் ஆசிரியர் மூவர் முழுக் கட்டணம் செலுத்திப் பயணம் செய்வர்.

எங்கள் பள்ளியின் அழைப்பின் பேரில் மொரீஷியஸிலிருந்து வரும் மாணவர் 18 பேரும் ஆசிரியர் இருவரும் டிசம்பர் 26 அன்று இதே ரயிலில் எங்களுடன் பயணம் செய்கின்றனர். இவர்களுக்குக் கட்டணச் சலுகை கோரவில்லை. முழுக் கட்டணம் செலுத்தப்படும். இவர்களின் பாஸ்போர்ட் விவரங்கள் தனிப் பட்டியலாக இணைக்கப்பட்டுள்ளன. இரு குழுவினருக்கும் தனித்தனியே குழு முன்பதிவு செய்ய அனுமதித்து, இயன்றவரை ஒரே பெட்டியில் இடம் கிடைக்க உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பயணப் பொறுப்பாசிரியரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், பள்ளி முத்திரை)

இடம்:
நாள்:

இதில் சுற்றுலாவின் நோக்கம் ஒரே வரியில் முடிந்துவிடுவதைக் கவனியுங்கள். மாணவர்களின் அறிவு வளர்ச்சியைப் பற்றி எழுதும் பத்தியை வணிகப் பிரிவில் யாரும் படிப்பதில்லை. ரயில் எண், தேதி, வகுப்பு, புறப்படும் நிலையம், சேரும் நிலையம், எண்ணிக்கை ஆகியவைதாம் அங்கே தேடப்படுபவை. போகும் வழிக்கு மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியை மறந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டி வரும். எட்டுப் பேருக்குக் கூடுதல் விழுக்காடு என்பதைக் கடிதத்தில் எண்ணிக்கையாக மட்டும் எழுதி, சான்றிதழ்களை உறையில் தனியாக வைப்பதே பிள்ளைகளுக்கு மரியாதை; வகுப்பில் ஒட்டும் பெயர்ப் பட்டியலில் அந்தக் கட்டம் வேண்டாம்.

கோட்ட அலுவலகம் அனுமதித்த பின், ரயில்வே தரும் சலுகைச் சான்றுப் படிவத்தைத் தலைமையாசிரியர் நிரப்பிக் கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும். அதை முன்பதிவுக் கவுன்டரில் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்க முடியும். இணையத்தில் இந்தச் சலுகையோடு டிக்கெட் எடுக்க வழியில்லை. அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் படுக்கை உறுதி என்று பொருளும் இல்லை. இடம் இருக்கும்வரைதான் அது பயன்படும்.

எனவே தேதிக் கணக்கு முக்கியம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு பயண நாளை விட்டு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 26ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 27 அன்றும், டிசம்பர் 28ஆம் தேதி திரும்பும் பயணத்துக்கு அக்டோபர் 29 அன்றும் திறக்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கலாம் என்று 29 வரை காத்திருந்தால், அந்த வாரத்தின் நெரிசலில் போகும் வழி காத்திருப்போர் பட்டியலாகிவிடலாம். பள்ளியிலிருந்து ஒருவர் இரண்டு முறை கவுன்டருக்குப் போகத்தான் வேண்டும். சான்றுப் படிவம் அக்டோபர் 27 காலையில் கையில் இருக்க வேண்டுமானால், கடிதம் செப்டம்பர் இறுதிக்குள் நிலைய மேலாளரிடம் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் டிசம்பர் 26ஐத் தேர்ந்தெடுத்தது நல்லதே. அதற்கு முன் என்றால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்; கல்வித் துறை அனுமதி கிடைப்பது கடினம்.

பெயர்கள் விஷயத்தில் இரண்டு குழுவுக்கும் இரண்டு விதமான இடர் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எழுத்துக்கூட்டல். நம் ஊரில் சுப்பிரமணியனும் முனியசாமியும் பாஸ்போர்ட்டில் பிரெஞ்சு வாடையோடு எழுதப்பட்டிருப்பதும், குடும்பப் பெயர் முன்னால் வருவதும் உங்களுக்குத் தெரிந்ததே. தஞ்சாவூரில் பட்டியல் தட்டச்சு செய்பவர் காதால் கேட்டதை அந்த ஊர் வழக்கப்படி எழுதிவிடுவார். ஆகவே தமிழில் எழுதிய பட்டியலை அனுப்பாமல், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கங்களையே நகலெடுத்து அனுப்புங்கள். அதிலுள்ள எழுத்துகளை மாற்றாமல் பதியச் சொல்லுங்கள்.

அவர்கள் பக்கத்தில் கடைசி நேர மாற்றம். 30 பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருவரை வீட்டில் விடமாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியின் தலைமையாசிரியர், ரயில் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்னதாக எழுதிக் கொடுத்தால், வர இயலாத மாணவருக்குப் பதிலாக அதே பள்ளியின் வேறொரு மாணவரின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குழுவின் எண்ணிக்கையில் 10 விழுக்காட்டுக்கு மேல் மாற்ற முடியாது, ஒருமுறைக்கு மேலும் முடியாது. 30 பேருக்கு அது மூன்று பெயர். முதல் மாணவர் விலகியதும் ஓடிப்போய் மாற்றிவிட்டால் அடுத்தவருக்கு வழியில்லை. ஆகவே டிசம்பர் 23 மாலை வரை பொறுத்திருந்து, மொத்தமாக ஒரே கடிதத்தில் மாற்றுவது நல்லது. 24க்குத் தள்ளினால் 48 மணி நேரக் கெடு நெருங்கிவிடும். மாற்று மாணவரும் அடிப்படையில் அதே விழுக்காட்டுச் சலுகைக்கு உரியவராக இருந்தால் கவுன்டரில் கேள்வி எழாது. இரண்டு குழுவுக்கும் தனித்தனி முன்பதிவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே முன்பதிவில் கலந்திருந்தால், ரோஸ்ஹில் மாணவருக்குப் பதிலாகத் தஞ்சாவூர் மாணவரை ஏற்றும் எண்ணம் யாருக்காவது வரும். அதை விதி அனுமதிக்காது.

பயண இரவில் தஞ்சாவூர் மாணவர்கள் பள்ளி அடையாள அட்டையையும், உங்கள் மாணவர்கள் பாஸ்போர்ட்டின் மூலப் பிரதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுகளைப் பாதுகாப்புக்காக ஆசிரியர் மொத்தமாக வைத்திருப்பது நம் வழக்கம்; அப்படியானால் அந்த ஆசிரியரின் படுக்கை மாணவர்கள் இருக்கும் பெட்டியிலேயே அமைய வேண்டும். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், புயலால் ரயிலே ரத்தானால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கவுன்டரில் வாங்கிய டிக்கெட்டாக இருப்பதால் பணம் தானாக வந்து சேராது. மூல டிக்கெட்டுடன் கவுன்டருக்குப் போய்த்தான் பெற வேண்டும். உங்கள் விமானம் அதற்குள் புறப்பட்டுவிடலாம் என்பதால், உங்கள் குழுவின் டிக்கெட்டை யாரிடம் விட்டுச் செல்வது என்று அந்தத் தலைமையாசிரியரிடம் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.